தைராய்டு மாத்திரையும் காலைக் காபியும் குறையாத எடையும்

தைராய்டு சுரப்புக் குறைவு உள்ளவர்கள் என்னிடம் உணவு ஆலோசனைக்கு வரும்போது, பெரும்பாலும் ஒரு பட்டியலோடுதான் வருவார்கள். முட்டைக்கோஸ் வேண்டாம், காலிஃபிளவர் வேண்டாம், பால் வேண்டாம், கோதுமை வேண்டாம், இந்துப்பு மட்டும் போட வேண்டும், காலையில் வெந்தயத் தண்ணீர் குடிக்க வேண்டும். யாரோ சொன்னது, எங்கோ பார்த்தது. அதையெல்லாம் மாதக்கணக்கில் கடைப்பிடித்தும் எடை அசையவில்லை என்கிற சோர்வு முகத்தில் தெரியும். பட்டியலைப் பார்த்த பிறகு நான் முதலில் கேட்பது, "மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுறீங்க, அதுக்கு அப்புறம் எத்தனை மணிக்குக் காபி?" என்பதுதான். எதைச் சாப்பிடுகிறோம் என்பதில் செலுத்தும் கவனத்தில் பாதியை எப்போது சாப்பிடுகிறோம் என்பதில் செலுத்தினாலே, இந்த நோயில் பலருக்குப் பெரிய வித்தியாசம் தெரிகிறது.

முதலில் எடை. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் உடம்பு ஓய்வில் செலவழிக்கும் சக்தி குறையும், எடை ஏறும். இதில் சந்தேகமில்லை. ஆனால் எவ்வளவு ஏறும்? அமெரிக்கத் தைராய்டு சங்கம் நோயாளிகளுக்குச் சொல்லும் கணக்கு, நோயின் தீவிரத்தைப் பொறுத்து 5 முதல் 10 பவுண்டு. நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டிலிருந்து நாலரை கிலோ. அதிலும் பெரும்பங்கு கொழுப்பு அல்ல, உடம்பில் தங்கும் உப்பும் நீரும்தான். முகம் உப்பி, கண்ணுக்குக் கீழே தொங்கி, மோதிரம் விரலில் இறுகுவது அதனால்தான்.

2011-இல் டென்மார்க்கிலிருந்து வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு இதை நேராகவே அளந்து பார்த்தது. சுரப்புக் குறைவுக்கு சிகிச்சை தொடங்கியவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தார்கள். சராசரியாக நாலு கிலோ அளவுக்கு எடை இறங்கியது. ஆனால் கொழுப்பின் அளவு மாறவில்லை. இறங்கியது பெரும்பாலும் உடம்பில் தேங்கியிருந்த நீர். பங்கேற்றவர்கள் ஒரு டஜன் பேர்தான் என்றாலும், நான் நேரில் பார்ப்பதும் இதையே சொல்கிறது. மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் முகம் வடியும், இரண்டு மூன்று கிலோ குறையும், அப்புறம் தராசு அப்படியே நின்றுவிடும். மாத்திரையால் ஆக வேண்டியது அதோடு முடிந்தது. அதற்கு மேல் உள்ள எடை, தைராய்டு இல்லாத ஒருவருக்கு எப்படி ஏறியதோ அப்படியே ஏறியது. இறக்க வேண்டிய வழியும் அதேதான்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். டிஎஸ்எச் என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹார்மோன், தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். எடை அதிகமாக இருப்பதே இந்த டிஎஸ்எச் அளவைக் கொஞ்சம் உயர்த்தும். எடை குறைந்தால் அதுவும் இறங்கும். அதனால் பரிசோதனையில் 5, 6 என்று வந்தவுடன் "என் எடைக்குக் காரணம் கிடைத்துவிட்டது" என்று நினைப்பது பல சமயம் தலைகீழ் முடிவாகிவிடும். 40, 60 என்று வருகிறவர்களின் கதை வேறு. அங்கே தைராய்டு உண்மையிலேயே எடையைக் கூட்டியிருக்கும்.

இப்போது மாத்திரைக்கு வருகிறேன். அதன் பெயர் லெவோதைராக்ஸின். எல்ட்ராக்ஸின், தைரோநார்ம் என்று பல பெயர்களில் விற்கிறது. மக்கள் "50 பவர்", "100 பவர்" என்று சொல்வது மைக்ரோகிராம் கணக்கு, அதாவது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அளவு இவ்வளவு நுணுக்கமாக இருப்பதால்தான் சின்னத் தடங்கல்கூடப் பெரிய விளைவைக் கொடுக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் அதில் 70 முதல் 80 சதவீதம் சிறுகுடலில் உறிஞ்சப்படும். வயிற்றில் உணவு இருந்தால் அது குறையும். எந்த அளவுக்குக் குறையும் என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். குறைவதைவிட இந்த மாறுதல்தான் மருத்துவரைக் குழப்புவது.

2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஒரே ஆட்களை எட்டெட்டு வாரம் மூன்று விதமாக மாத்திரை போட வைத்தார்கள். காலையில் வெறும் வயிற்றில் போட்டபோது சராசரி டிஎஸ்எச் 1-க்குச் சற்று மேல். படுக்கும் நேரத்தில் போட்டபோது 2-க்குச் சற்று மேல். காலை உணவோடு போட்டபோது ஏறக்குறைய 3. மாத்திரையின் அளவை மாற்றவேயில்லை, நேரத்தை மட்டும்தான் மாற்றினார்கள். காபியைப் பற்றி 2008-இல் இத்தாலியில் இருந்து வந்த ஆய்வு, மாத்திரையோடு எஸ்பிரெஸோ குடித்தால் உறிஞ்சல் குறைகிறது என்று காட்டியது. அது பால் சேர்க்காத காபி. நம் டிகாஷன் காபியில் பால் வேறு சேர்கிறது. பாலில் கால்சியம் இருக்கிறது.

என் மதினியின் விஷயத்தைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். அவர் அனுமதித்த பிறகே எழுதுகிறேன். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியவர், திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறார். ஆறு வருடத்துக்கு முன் டிஎஸ்எச் 38 என்று வந்தது. அப்போது எடை 74 கிலோ. மாத்திரை தொடங்கிய நாலைந்து மாதத்தில் 71-க்கு வந்தார். அதன் பிறகு அங்கேயே நின்றுவிட்டது. டிஎஸ்எச்சும் ஒழுங்காக இறங்கவில்லை. 50-இல் தொடங்கி 75, 100, 125 என்று மருந்து ஏறிக்கொண்டே போனது. சென்ற வருடம் 125 போட்டுக்கொண்டிருக்கும்போதே 9.8 என்று முடிவு வந்தது. களைப்பு, மலச்சிக்கல், முடி கொட்டுதல் எல்லாம் அப்படியே இருந்தன. "தைராய்டு இருக்குல்லா, அதான் என்ன செஞ்சாலும் உடம்பு குறைய மாட்டேங்கு" என்று ஒரு விசேஷ வீட்டில் என்னிடம் சொன்னார்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுரப்பி முழுவதுமே வேலை செய்யாமல் போனவருக்குத் தேவைப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம். 71-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 114 வரும். மதினி போடுவதோ 125. முழுத் தேவையையும் தாண்டிய அளவு உள்ளே போயும் டிஎஸ்எச் 9.8 என்றால், மருந்து போதவில்லை என்பதைவிட மருந்து உள்ளே சேரவில்லை என்று சந்தேகப்படுவதுதான் முறை. ஒன்று, மாத்திரையை அடிக்கடி விட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் குடலில் ஏதோ தடுக்க வேண்டும்.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு துப்பு உண்டு. ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருந்து, டிஎஸ்எச் மட்டும் உயரத்தில் இருந்தால், பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் ஒழுங்காகப் போட்டு, மற்ற நாட்களில் விட்டிருக்கலாம். டி4 சில நாளில் ஏறிவிடும். டிஎஸ்எச் நிதானமாகத்தான் அசையும், அது பழைய வாரங்களின் கதையைச் சொல்லும். இரண்டுமே தொடர்ந்து பற்றாக்குறையைக் காட்டினால் உறிஞ்சலைப் பார்க்க வேண்டும். மதினிக்கு டி4-உம் குறைவாகவே இருந்தது. அவர் மாத்திரையை விடுகிற ஆளும் இல்லை.

"மதினி, மாத்திரை போட்டு எவ்வளவு நேரம் கழிச்சு காபி?"

"போட்ட ஒடனேதான். அத குடிச்சாத்தான் அடுப்படிக்கே போவேன்."

"எட்டு மணிக்கு?"

"இட்லி சாப்பிட்டுட்டு சத்து மாத்திரை. ஒண்ணு ரத்தத்துக்கு, ஒண்ணு எலும்புக்கு."

அஞ்சரைக்கு மாத்திரை, அஞ்சரைக்கே காபி, எட்டுக்கு இரும்பும் கால்சியமும். இரும்பு மாத்திரையும் கால்சியம் கார்பனேட்டும் குடலில் தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரத்தத்துக்குள் போக விடாது. இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும். அவருக்கு இருந்தது இரண்டரை மணி நேரம். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சில திரவ மருந்துகளுக்கும் இதே நாலு மணி நேரக் கணக்குதான். ஆனால் பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற "கேஸ் மாத்திரை" கொஞ்சம் வேறு மாதிரி. அது வயிற்று அமிலத்தையே நாள் முழுக்கக் குறைத்துவிடுகிறது. தைராய்டு மாத்திரை கரைவதற்கு அந்த அமிலம் வேண்டும். அதனால் நேரத்தைத் தள்ளி வைத்தால் மட்டும் அங்கே பிரச்சினை தீர்ந்துவிடாது. கேஸ் மாத்திரையைத் தொடர்ந்து போட வேண்டிய நிலை வந்தால் தைராய்டு மருத்துவரிடம் சொல்லி, ஆறு முதல் எட்டு வாரத்தில் ஒரு பரிசோதனை எடுத்துக்கொள்வதுதான் வழி.

மதினியின் காலையை மாற்றி அமைத்தோம். எழுந்தவுடன் அஞ்சரைக்கு ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு மாத்திரை. எலுமிச்சை, தேன், வெந்தயம் எதுவும் அதில் கிடையாது. உடனே நடைக்குக் கிளம்பி, ஆறே முக்கால் வாக்கில் வீடு திரும்பினால் காபி. இரும்பு மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பின், கால்சியம் இரவுச் சாப்பாட்டுக்குப் பின். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்துப் போட்டால் அவையும் ஒன்றையொன்று தடுக்கும் என்பதால், இந்தப் பிரிப்பில் அதுவும் சரியாகிவிட்டது. அரை மணி நேர இடைவெளி போதாதா என்று கேட்பார்கள். முப்பது முதல் அறுபது நிமிடம் என்றுதான் சொல்வது வழக்கம். முடிந்தால் அறுபது, முடியாத நாளில் முப்பது என்று வைத்துக்கொள்ளலாம். ஒருநாள் பத்து நிமிடம், மறுநாள் ஒன்றரை மணி நேரம் என்று தாறுமாறாக இருப்பதைவிட, தினமும் ஒரே மாதிரி நாற்பது நிமிடம் விடுவது மேல். அந்த நாற்பதுக்கு ஏற்ப மருந்தின் அளவை மருத்துவர் சரிசெய்துவிட முடியும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு ஆபத்து இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. தடங்கலோடு இருந்தபோது ஏற்றப்பட்ட அளவு, தடங்கல் நீங்கியதும் அதிகமாகிவிடும். அதனால் நேரத்தை மாற்றுகிறோம் என்று மதினியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வைத்தேன். அவரும் ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம், நடுவில் படபடப்பு வந்தால் உடனே வரச் சொல்லுங்கள் என்றார். ஆறு வாரம் ஏன்? இந்த மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும். எந்த மாற்றமும் சமநிலைக்கு வர ஐந்தாறு வாரம் வேண்டும். அதற்கு முன் எடுக்கும் பரிசோதனை பாதி வழியில் எடுத்த புகைப்படம் மாதிரிதான். ஆறாவது வாரத்தில் டிஎஸ்எச் 0.3 வந்தது. 9.8-இலிருந்து 0.3, அதே 125 பவர். மருத்துவர் 100-க்குக் குறைத்தார். அடுத்த முறை 2.1. களைப்பு இரண்டாவது மாதத்திலேயே தெளிந்தது, மலச்சிக்கலும் போனது.

ஆனால் எடை? ஒரு கிலோகூட இறங்கவில்லை. மதினிக்கு இது பெரிய ஏமாற்றம். எனக்கு ஆச்சரியம் இல்லை. 74-இலிருந்து 71 வந்தபோதே நீர் வடிந்து முடிந்துவிட்டது. மீதி, உணவும் அசைவும் சம்பந்தப்பட்ட கணக்கு.

அவர் அதுவரை செய்துவந்த "தைராய்டு டயட்" என்ன என்று பார்த்தேன். முட்டைக்கோஸ், முள்ளங்கி, காலிஃபிளவர் மூன்றையும் நிறுத்தியிருந்தார். இந்தக் காய்களில் அயோடினின் பாதையைத் தடுக்கும் பொருட்கள் இருப்பது உண்மைதான். ஆனால் அயோடின் பற்றாக்குறை உள்ள இடத்தில், நிறையப் பச்சையாகத் தின்றால்தான் அது பொருட்டு. வேகவைத்தால் பெரும்பகுதி போய்விடும். தவிர, ஹார்மோனையே மாத்திரையாக விழுங்குகிறவருக்குச் சுரப்பியின் வேலையைத் தடுக்கும் காய் பெரிதாக என்ன செய்துவிடும்? வாரம் இரண்டு நாள் முட்டைக்கோஸ் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம். சோயா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். அது மாத்திரையின் உறிஞ்சலைக் குறைக்கும் என்பதால், மீல்மேக்கர் குழம்பை மதியத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சாதா உப்பை விட்டு இந்துப்புக்கு மாறியிருந்தார். அயோடின் சேர்க்காத இந்துப்பில் நமக்கு வேண்டிய அயோடின் கிடைக்காது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம், கருவுற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதல். அதை நம் வீடுகளுக்குக் கொண்டுவருவது அயோடின் சேர்த்த உப்புதான். மாத்திரை சாப்பிடுகிற மதினிக்கு அது அவ்வளவு முக்கியமில்லாமல் இருக்கலாம், ஆனால் அதே குழம்பைக் கல்யாணமாகப்போகிற மகளும் சாப்பிடுகிறாள். இதற்கு எதிர்ப்புறமும் உண்டு. தைராய்டுக்கு நல்லது என்று கடற்பாசி மாத்திரை வாங்கி விழுங்குகிறவர்களையும் பார்க்கிறேன். அளவு மீறிய அயோடின் சுரப்பியை மேலும் கெடுக்கக்கூடும். நம் ஊரில் பெரியவர்களுக்கு வரும் சுரப்புக் குறைவில் பெரும்பாலானவை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவதால் வருகிறவை. அயோடினை அள்ளிக் கொட்டி அதைத் திருப்ப முடியாது.

அரிசியை விட்டுச் சாமை, தினை, குதிரைவாலிக்கு மாறியிருந்தார். நார்ச்சத்துக்கு நல்லதுதான், பசியும் சற்றுத் தாமதமாக வரும். ஆனால் கலோரியில் அரிசிக்கும் இவற்றுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சமைக்காத தானியம் நூறு கிராம் எதை எடுத்தாலும் ஏறக்குறைய 350-ஐ ஒட்டித்தான் வரும். அதே அளவு சாமைச் சோறு சாப்பிட்டால் எடை அதே இடத்தில்தான் நிற்கும்.

எடை கூடிய இடம் வேறு. ஒரு நாளைக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் கெட்டிப் பால், இரண்டு கரண்டி சர்க்கரை. ஒரு காபிக்கு நூறு கலோரிக்கு மேல் வரும். சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே ஒரு கிண்ணம் மிக்ஸர், அது 250. காபியை இரண்டாக்கி, சர்க்கரையை ஒரு கரண்டியாக்கி, மிக்ஸருக்குப் பதில் ஒரு கப் சுண்டல் என்று மாற்றியதில் நாளொன்றுக்கு 350 கலோரி அளவுக்குக் குறைந்தது. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்று போடும் வழக்கமான கணக்கில் மாதம் 1.4 கிலோ குறைய வேண்டும். காகிதத்தில் வரும் இந்தக் கணக்கு உடம்பில் அப்படியே வராது. எடை குறையக் குறைய உடம்பு செலவழிப்பதும் குறையும், கல்யாண வீடு, கோயில் கொடை என்று நாட்களும் தவறும். மதினிக்கு ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. தைராய்டு இல்லாத ஒருவர் இதையே செய்திருந்தாலும் இவ்வளவுதான் குறைந்திருக்கும். டிஎஸ்எச் சரியான அளவில் இருக்கிற உடம்பு, மற்ற உடம்பைப் போலவேதான் நடந்துகொள்கிறது. என்னிடம் வருகிற ஒவ்வொருவரும் இதை நம்ப வேண்டும் என்று விரும்புகிறேன். ஏனென்றால் "எனக்குத் தைராய்டு, குறையாது" என்ற முடிவோடு வருகிறவர்கள் முயற்சியை மூன்றாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

உடற்பயிற்சிக்கும் மாத்திரைக்கும் நேரடி மோதல் எதுவும் இல்லை. சொல்லப்போனால் மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் காத்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு நடைப்பயிற்சியைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. வெறும் வயிற்றில் மிதமான நடை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைத் தாழவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் ஜிம்முக்குப் போகிற இளைஞர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். பயிற்சி முடிந்தவுடன் குடிக்கும் புரோட்டீன் பவுடரில் பல சமயம் கால்சியமும் இரும்பும் சேர்த்திருப்பார்கள், சிலவற்றில் சோயாவும் இருக்கும். டப்பாவின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். அவை இருந்தால் அதைக் கால்சியம் மாத்திரையாகவே கருதி, நாலு மணி நேரம் தள்ளியோ சாயங்காலத்துக்கோ மாற்றிவிடுங்கள். காலைப் பயிற்சிக்குப் பின் இரண்டு முட்டை போதும்.

பயிற்சியின் வேகம், டிஎஸ்எச் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது மிக உயர்ந்திருக்கும்போது தசைகள் பிடிக்கும், வலிக்கும், சாதாரணப் படி ஏறினாலே தொடை கனக்கும். அது சோம்பல் அல்ல, தசையே பாதிக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சமயம் தினம் அரை மணி நேரம் நிதானமான நடை போதும். எடை தூக்குவதையெல்லாம் மருந்து நிலைப்படும் இரண்டு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மருந்து அதிகமானவர்களுக்கு நிலைமை நேர் எதிர். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடப்பது. காலையில் எழுந்தவுடன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணிப் பாருங்கள். வழக்கமாக எழுபதுகளில் இருந்த எண்ணிக்கை நூறை நெருங்கினால், அன்று ஓட்டமும் ஜிம்மும் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

இதனால்தான் எடை குறைக்க மாத்திரையைக் கூட்டிப் போடும் பழக்கத்தைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. சிலர் தாங்களாகவே ஒன்றரை மாத்திரை போடுகிறார்கள், சில ஜிம்களில் தைராய்டே இல்லாதவர்களுக்கு "ஃபேட் பர்னர்" என்று தைராய்டு ஹார்மோனைக் கைமாற்றுகிறார்கள். அமெரிக்காவில் இந்த மருந்தின் விவரக் குறிப்பில், உடல் பருமனுக்கோ எடை குறைக்கவோ பயன்படுத்தக் கூடாது என்று கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறார்கள். கூடுதல் அளவில் எடை குறைவது போலத் தெரிந்தாலும், கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி குறையும்.

காலையில் நேரமே சரிப்படாதவர்களுக்கு இரவு ஒரு வழி. 2010-இல் நெதர்லாந்தில் இருந்து வந்த ஓர் ஆய்வில், படுக்கும் நேரத்தில் போட்டவர்களுக்கு அளவுகள் இன்னும் நன்றாகவே இருந்தன. ஆனால் கடைசி உணவுக்கும் மாத்திரைக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது வேண்டும். ஒன்பது மணிக்குத் தோசை சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுக்கும் நம் வீடுகளில் இது எடுபடாது. படுக்கும் முன் பால் குடிக்கும் பழக்கம் இருந்தால் சுத்தமாக எடுபடாது. ஏழு மணிக்குள் இரவு உணவை முடித்துவிடுகிறவர்கள், இரவுப் பணி பார்ப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாறலாம். ரம்ஜான் நோன்பு வைப்பவர்களும் இதே அடிப்படையில்தான் நேரம் பார்க்க வேண்டும்: நோன்பு திறந்து சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, அல்லது சஹர் உணவுக்கு அரை மணி நேரமாவது முன்னால்.

ஒருநாள் மறந்துவிட்டால் பதற வேண்டாம். ஏழு நாள் தாங்குகிற மருந்து, ஒரு நாளில் எதுவும் கெட்டுவிடாது. அன்றே வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் போடலாம். மறுநாள் சேர்த்துப் போடலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதயக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் அப்படிச் செய்யக் கூடாது. டப்பாவை அடுப்புக்கு மேல் உள்ள அலமாரியிலும் வெயில் விழும் ஜன்னலிலும் வைக்காதீர்கள், வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இந்த மருந்தைக் கெடுக்கும்.

பரிசோதனை நாள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான முடிவை வைத்து மருந்து மாற்றப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அன்று இரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். போட்ட சில மணி நேரத்தில் டி4 தற்காலிகமாக ஏறிக் காட்டும். ஒவ்வொரு முறையும் காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில், முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும், அளவு அதிகம் என்றால் இன்னும் முன்பாகவே. பயோட்டின் தைராய்டை ஒன்றும் செய்யாது. பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் பரிசோதனை முறையைத்தான் அது ஏமாற்றுகிறது. டிஎஸ்எச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டி, மருந்து அதிகமாகிவிட்டது என்ற தோற்றத்தை உண்டாக்கும். மதினியும் ஒரு பயோட்டின் டப்பா வைத்திருந்தார். அந்த 0.3-ஐ நம்பலாமா என்று பார்க்க மருத்துவர் முதலில் கேட்டதே பயோட்டினைப் பற்றித்தான். பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்லியிருந்தேன் என்பதால் பதில் கையில் இருந்தது.

இப்போது அவர் எடை 66. கிலோவுக்கு 1.6 என்று பார்த்தால் 106 வருகிறது, போடுவது 100. இன்னும் நாலைந்து கிலோ குறைந்தால் அளவை மறுபடி பார்க்க வேண்டியிருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அடுத்த பரிசோதனையை ஆறு மாதம் கழித்து வைத்திருக்கிறார்கள்.